கண்ணு என்னுது, மூக்கு என்னுது, ஆனா இது நான் இல்லை

தோகாவில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடமிருந்து ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “அண்ணா, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அப்பா அம்மா அவ்வளவு அழகா இருக்காங்க. ஆனா நான்… கண்ணு என்னுது, மூக்கு என்னுது, வாய் என்னுது. ஆனா இது நான் இல்லைண்ணா. தப்பா எடுத்துக்காதீங்க.”

இருபது வருடமாக மயிலாடுதுறைப் பக்கம் ஸ்டுடியோவில் படம் சேர்க்கிற வேலைதான் செய்கிறேன். இறந்துபோன தாத்தாவைப் பேரன் கல்யாணப் படத்தில் நிறுத்துவது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையைப் பெற்றோர் பக்கத்தில் உட்கார வைப்பது, கிழிந்த படத்தில் பாதி முகத்தை இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது, இவைதான் தினமும். “எங்க அப்பா மாதிரி இல்லையே” என்ற பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் படத்திலிருப்பவரே, ஒவ்வொரு உறுப்பையும் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மொத்தத்தில் நான் இல்லை என்று சொன்னது என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சேர்ப்புப் படம் செய்யக் கொடுக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி விவரமானவர். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது, அக்கா நிற்க வேண்டிய இடத்தில், அம்மா நாற்காலிக்குப் பின்னால், அத்தை மகளைப் பட்டுப்புடவையோடு நிற்க வைத்து எடுத்துவிட்டார். தோள், புடவை மடிப்பு, நாற்காலியின் மேல் வைத்த கை எல்லாம் நிஜமாகவே அந்த வெளிச்சத்தில் பதிவாகியிருந்தன. வெறும் இடைவெளி விட்டு எடுத்திருந்தால் என் வேலை மூன்று மடங்காகியிருக்கும். எனக்கு மிச்சமிருந்தது தலையை மாற்றுவது மட்டும்.

தலைக்காக அவர் அனுப்பியது இரண்டு படம். ஒன்று, ஹாஸ்டல் ஜன்னலோரம் கையை உயர்த்தி எடுத்த செல்ஃபி, பல் தெரியச் சிரிப்பு. இன்னொன்று பாஸ்போர்ட் படம், நாலு வருடம் பழசு. “பாஸ்போர்ட் படத்தை மட்டும் போட்டுடாதீங்கண்ணா” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். சரி என்று செல்ஃபியை எடுத்துக்கொண்டேன். ஆனால் மேடைப் படத்தில் எல்லோரும் வாய் மூடி, மாலையும் கழுத்துமாக நிதானமாக நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் மட்டும் பல் தெரியச் சிரித்தால் எடுபடாது. அதனால் வாயை மட்டும் பாஸ்போர்ட் படத்திலிருந்து எடுத்துச் செல்ஃபி முகத்தில் வைத்தேன். அதோடு இன்னொரு காரியமும் செய்தேன். மேடையில் பெரிய லைட் படத்தின் இடது பக்கத்திலிருந்து வந்திருந்தது. செல்ஃபியில் ஜன்னல் வலது பக்கம். இரண்டும் பொருந்த வேண்டுமே என்று செல்ஃபியை Flip Horizontal கொடுத்துத் திருப்பிவிட்டேன். திருப்பினால் மூக்குத்தி மறு மூக்குக்குப் போய்விடும் என்பது தெரியும். அதை அழித்து, சரியான பக்கத்தில் வைத்தேன். நிறம் சேர்த்தேன், கழுத்தில் ஒட்டு தெரியாமல் ஆரத்தின் ஓரத்தோடு முடித்தேன். பார்த்தால் ஒட்டு என்று யாரும் சொல்ல முடியாது. வேலை சுத்தமாக இருந்தது. அவர் சொன்னதுதான் சரியாகவும் இருந்தது.

என் பதிலின் முதல் வரி இதுதான்: “நீங்க சொல்றது சரிம்மா. தப்பு உங்க கண்ணுல இல்லை, நான் சேர்த்த விதத்துல இருக்கு. என்னன்னு சொல்றேன்.”

பெரிய தப்பு தூரம். மனித முகம் தட்டு மாதிரித் தட்டையாக இல்லை. மூக்கு நுனி முன்னால் இருக்கிறது, காது அதற்குச் சுமார் 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதிவாகும். செல்ஃபி எடுக்கும்போது போன் மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தது என்று வையுங்கள். அப்போது காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. முப்பதை நாற்பத்திரண்டால் வகுத்தால் 0.71. அதாவது மூக்கு முழு அளவில் பதிவானால், காதும் காதையொட்டிய முகத்தின் ஓரமும் அதில் 71 சதவீத அளவுக்குச் சுருங்கிப் பதிவாகின்றன. மேடைப் படத்தை எடுத்தவர் நின்றது ஏறக்குறைய 4 மீட்டர் தள்ளி. அங்கே மூக்கு 400 சென்டிமீட்டரில், காது 412 சென்டிமீட்டரில். வகுத்தால் 0.97. காதும் மூக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுகோலில் பதிவாகிவிடுகின்றன.

ஒரே ஆளின் முகம்தான். ஆனால் ஒன்றில் மூக்கும் நெற்றியும் முன்னால் தள்ளி, கன்னம் உள்ளே ஒடுங்கி, காது தலைமுடிக்குள் மறைந்து நீள முகமாக இருக்கும். இன்னொன்றில் கன்னம் விரிந்து, காது தெரிந்து, மூக்கு அடங்கி இருக்கும். 2018இல் அமெரிக்காவில் மூக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று சொல்லி அறுவை சிகிச்சை கேட்டு வருபவர்களைப் பார்த்துத்தான் அதில் இறங்கினார்கள். ஓர் அடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

இங்கே ஒரு தவறான எண்ணம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. லென்ஸ்தான் முகத்தைக் கெடுக்கிறது என்பார்கள். லென்ஸ் எவ்வளவு இடத்தை உள்ளே கொண்டுவருகிறது என்பதைத்தான் தீர்மானிக்கும். முகத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் தெரியும் என்பதைக் கேமரா நிற்கிற இடம் தீர்மானிக்கிறது. வைடு லென்ஸ் போட்டால் முகத்தைப் பெரிதாக எடுக்கக் கிட்டப் போகிறோம், அதனால் கெடுகிறது. அதே லென்ஸோடு நாலு மீட்டர் தள்ளி நின்று, நடுவில் விழும் முகத்தை வெட்டிப் பெரிதாக்கினால், டெலி லென்ஸில் எடுத்த அதே வடிவம் வரும்.

நான் செய்தது என்னவென்றால், 30 சென்டிமீட்டரில் எடுத்த முகத்தை 4 மீட்டரில் எடுத்த உடம்பின் மேல் வைத்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தேன்? அத்தை மகளின் முகம் எவ்வளவு அகலமோ அந்த அகலத்துக்கு இந்த முகத்தைச் சுருக்கினேன். அங்கேதான் ஏமாந்தேன். செல்ஃபியில் முகத்தின் ஓரங்கள் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கின்றன. ஒடுங்கிய ஓரத்தை நிஜ ஓரத்தோடு பொருத்தினால் நடுவில் இருக்கிற கண், மூக்கு எல்லாம் பெருத்துவிடும்.

இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது, சுமார் 6.2 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். அத்தை மகளின் கண்மணி இடைவெளியைப் படத்தில் அளந்தேன், 82 பிக்சல். நான் ஒட்டிய முகத்தில் அளந்தேன், 94 பிக்சல். பக்கத்தில் நிற்கும் தம்பிக்கே 84தான். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெரிய கண்ணை இவருக்குக் கொடுத்திருக்கிறேன். தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது, இந்த ஒருவர் மட்டும் நமக்கு நெருக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, உறுத்தும்.

Liquify போட்டு மூக்கைச் சின்னதாக்கி, கன்னத்தை இழுத்துவிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். கொஞ்சம் ஆகும். ஒன்றரை மீட்டரில் எடுத்ததை நாலு மீட்டர் மாதிரி ஆக்கிவிடலாம், வித்தியாசம் குறைவு. 30 சென்டிமீட்டரில் எடுத்ததில் கன்னத்தின் பக்கவாட்டும் காதும் பதிவாகவே இல்லை. மூக்கும் கன்ன எலும்பும் அவற்றை மறைத்துவிட்டன. படத்தில் இல்லாததை இழுத்துக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் அது நான் வரைந்த கன்னம், அவருடையதாக இருக்காது. போதாததற்கு அவர் கையை உயர்த்தி மேலிருந்து எடுத்திருந்தார். அதில் நெற்றி பெரிதாகி மோவாய் சிறுத்திருந்தது. மேடையில் கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்தது.

இரண்டாவது தப்பு, வாய். சிரிக்கிற முகத்தின் கண்ணும் சும்மா இருக்கிற முகத்தின் கண்ணும் ஒன்றில்லை. சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறும், கீழ் இமை லேசாக உப்பும், கண் ஓரத்தில் சுருக்கம் விழும். செல்ஃபியின் கண்ணில் இதெல்லாம் இருந்தது. பாஸ்போர்ட் படத்து வாய் அதற்குக் கீழே அசையாமல் கிடந்தது. மேலே ஒரு சமயத்து மனநிலை, கீழே நாலு வருடத்துக்கு முந்தைய இன்னொரு மனநிலை. இரண்டும் அவருடையதுதான், ஆனால் இரண்டும் ஒரே நொடியில் அவர் முகத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

இதைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. 1987இல் இங்கிலாந்தில் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பிரபலமானவர்களின் படங்களை மூக்குக்குக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒருவருடைய மேல்பாதியையும் இன்னொருவருடைய கீழ்பாதியையும் சேர்த்துக் காட்டினார்கள். மேல்பாதி யாருடையது என்று சொல்லச் சொன்னால், நன்றாகத் தெரிந்த முகத்தைக்கூடச் சொல்ல மக்கள் திணறினார்கள். கீழ்பாதியைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி வைத்ததும் எளிதாகச் சொன்னார்கள். இரண்டு பாதியும் ஒட்டி ஒரு முகமாக நின்றால், நம் கண் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மூன்றாவது ஆளாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சோதனை இரண்டு வேறு ஆட்களை வைத்துச் செய்தது. ஒரே ஆளின் இரண்டு முகபாவத்தைச் சேர்த்தாலும் அந்த மூன்றாவது ஆள் லேசாக எட்டிப் பார்க்கிறார் என்பது என் அனுபவம். “கண்ணு என்னுது, வாய் என்னுது, நான் இல்லை” என்று அந்தப் பெண் சொன்னது, சோதனைக்கூடத்தில் நீட்டி எழுதியதை ஒரு வரியில் சொன்ன மாதிரி இருந்தது.

மூன்றாவது, திருப்பியது. மூக்குத்தியைச் சரிசெய்தேன், மற்றதை விட்டுவிட்டேன். அவருக்கு இடது கண்ணுக்குக் கீழே கடுகளவு மச்சம் ஒன்று உண்டு. அது வலது கண்ணுக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு ஒரு புருவம் மற்றதைவிட நூலளவு உயரம். அதுவும் இடம் மாறியது. ஆனால் பாஸ்போர்ட் படத்து வாயை நான் திருப்பவில்லை. அதனால் மேல்பாதி அவர் கண்ணாடியில் பார்க்கிற முகம், கீழ்பாதி ஊர் பார்க்கிற முகம். தம்பி கடைக்கு வந்தபோது, “அம்மாவும் ஏதோ மாறியிருக்குன்னு சொல்றாங்க சார், என்னன்னு சொல்லத் தெரியலை” என்றார். அம்மாவின் கண்ணுக்கு அந்த மச்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தப்புக்கு என்னைவிடப் பெரிய முன்னோடி இருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் மேலங்கியோடு கம்பீரமாக நிற்கிற ஓர் அச்சுப்படம் உண்டு. அதிலிருந்த உடம்பு லிங்கனுடையது இல்லை, ஜான் கல்ஹூன் என்ற இன்னொரு அரசியல்வாதியுடையது. அவர் அடிமை முறையை ஆதரித்தவர். அவருடைய பழைய செதுக்குப் படத்தில் தலையை எடுத்துவிட்டு, மேத்யூ பிரேடியின் ஸ்டுடியோவில் எடுத்த லிங்கன் தலையை வைத்துவிட்டார்கள். பல காலம் கழித்து ஸ்டீபன் லோரன்ட் என்ற படப் பத்திரிகையாளர்தான் இதைக் கண்டுபிடித்தார். அவருக்குக் காட்டிக்கொடுத்தது லிங்கன் கன்னத்து மச்சம். அது மறு கன்னத்தில் இருந்தது. தலையைத் திருப்பியவர்கள் மச்சத்தை மறந்துவிட்டார்கள்.

வெளிச்சத்துக்காகத் திருப்பியது சரியா தப்பா என்பதைப் படமே சொல்லும். கண்ணை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது லைட்டின் பிரதிபலிப்பு. மேடைப் படத்தில் அப்பா, அம்மா, தம்பி எல்லோருக்கும் அந்தப் புள்ளி கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில், உருண்டையாக இருந்தது. செல்ஃபியில் இரண்டு மணி இடத்தில், ஜன்னல் கம்பியோடு சதுரமாக இருந்தது. அந்தக் கம்பி நிழல்கூட விழியில் தெரிந்தது. இப்படி வெளிச்சம் எதிர்த்திசையில் இருந்தால், செய்ய வேண்டியது வேறு படம் கேட்பது. திருப்புவது குறுக்கு வழி. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பிளேடால் தலையை வெட்டி, ஓரத்தைப் பின்புறம் உப்புத்தாளில் தேய்த்து மெல்லிசாக்கி, ஒட்டி, தூரிகையால் டச்சிங் செய்து, மறுபடி கேமராவில் படம் பிடிப்பார். அவர் வெட்டுவதற்கு முன்னால் செய்கிற முதல் வேலை, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பது. மாறியிருந்தால் “வேற போட்டோ இருந்தா கொண்டாங்க” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் வந்து எல்லாம் முடியும் என்று ஆனபிறகு அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குக் குறைந்துபோயிருந்தது.

ஆகவே அவருக்குப் பதிலின் கடைசியில் எழுதினேன்: “எனக்கு ஒரு படம் புதுசா வேணும்மா. கூட இருக்கிறவங்க யாரையாவது எடுக்கச் சொல்லுங்க. போனோட பின்பக்கக் கேமராவுல. அவங்க உங்ககிட்டேருந்து ஆறு பெரிய எட்டு தள்ளி நிக்கணும். கிட்ட வர வேண்டாம், ஜூம் 2x வச்சா போதும். போன் உங்க நெஞ்சு உயரத்துல இருக்கட்டும். ஜன்னல் உங்க வலது கைப் பக்கம் வரணும், அதாவது படத்துல இடது பக்கம். புடவைக்குப் போடற ஜாக்கெட் போட்டுக்குங்க, கழுத்து தெரியணும். பியூட்டி எதுவும் போடாதீங்க. உங்க அப்பா அம்மா முன்னாடி நிக்கிறதா நினைச்சு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. பத்துப் படம் எடுத்து டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும்.”

மறுநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, அறைத் தோழியை வைத்து எடுத்து அனுப்பினார். பதினான்கு படம். பதினொன்றாவதில் அவர் லேசாகக் கண் கலங்கியிருந்தார் என்று நினைக்கிறேன், கீழ் இமையில் ஒரு மினுக்கம் இருந்தது. அதை எடுக்கவில்லை. ஒன்பதாவதை எடுத்தேன். கண்மணி இடைவெளியை 82 பிக்சலுக்குக் கொண்டுவந்து தலையை வைத்ததும், மற்றதெல்லாம் தானாகப் பொருந்தியது. வாயை மாற்றவில்லை, எதையும் திருப்பவில்லை. முதல் படத்துக்கு மூன்று மணி நேரம் பிடித்தது, இதற்கு முக்கால் மணி நேரம்.

அனுப்பினேன். பதில் வந்தது. “அண்ணா, இப்ப மனுஷி மாதிரி இருக்கேன். ஆனா என் மூஞ்சி இவ்வளவு அகலமாவா இருக்கு? இடது பக்கம் வேற யாரோ மாதிரி இருக்குண்ணா.”

இந்த இரண்டாவது குறைக்கு என் பதில் வேறு. முதலாவதில் அவர் சொன்னது முழுக்க நியாயம். இதில் படத்தை மாற்றக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் ஒரு சின்னக் காரியம் செய்தேன். புதிய முகத்தை மட்டும் தனியாக வெட்டி, அப்படியே ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி ஒன்று, இரண்டையும் 1, 2 என்று எண் போட்டு அவருக்கும் தம்பிக்கும் அனுப்பினேன். எது எது என்று சொல்லவில்லை. அவர் உடனே திருப்பியதைக் காட்டி, “இதுதான்ணா நான்” என்றார். தம்பி அம்மாவிடம் காட்டிவிட்டுத் திருப்பாததைச் சொன்னார்.

1977இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். மாணவிகளை ஒரு படம் எடுத்து, நேராக ஒரு பிரதியும் கண்ணாடிப் பிம்பமாக ஒரு பிரதியும் போட்டு, எது பிடிக்கிறது என்று அவர்களிடமும் நெருங்கிய தோழிகளிடமும் கேட்டார்கள். அவரவர் தன் கண்ணாடிப் பிம்பத்தையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள், தோழிகள் நேர்ப் பிரதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் எது தினமும் கண்ணில் படுகிறதோ அது பிடிக்கிறது. நம் முகத்தை நாம் பார்ப்பது பல் தேய்க்கும்போதும் பொட்டு வைக்கும்போதும். அதுவும் கண்ணாடிக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று. இப்போது அதோடு கைபேசியின் முன்கேமராவும் சேர்ந்துவிட்டது. செல்ஃபி எடுக்கும்போது திரையில் தெரிவதும் கண்ணாடி மாதிரித் திரும்பிய முகம், அதுவும் கை நீளத் தூரத்தில். ஆகவே தனக்குத் தன் முகம் என்று பழகியது, பக்கம் மாறிய, ஒடுங்கிய, மூக்கு முன்தள்ளிய ஒரு முகம். நாலு மீட்டர் தள்ளி நின்று நம்மை நேராகப் பார்க்கிற வாய்ப்பு நமக்குக் கிடைப்பதே இல்லை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.

அதனால் அவருக்கு இப்படி எழுதினேன்: “உங்க மூஞ்சி அகலமில்லைம்மா. நீங்க தினம் பார்க்கிறது ஒரு முழத் தூரத்துல. உங்க அம்மா பார்க்கிறது ஹாலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து. இந்தப் படம் அவங்க வீட்டு ஹால்லதான் மாட்டப்போறாங்க. நீங்க கேட்ட மாதிரித் திருப்பிப் போட்டா மூக்குத்தி, மச்சம் எல்லாம் மாறும், வெளிச்சமும் எதிர்ப்பக்கம் போயிடும். கன்னத்தை ஒடுக்கித் தரச் சொன்னா தர்றேன், பத்து நிமிஷ வேலை. ஆனா வேண்டாம்னு நான் சொல்றேன். ரெண்டு நாள் போன்ல வச்சுப் பாருங்க. அப்புறமும் உறுத்துச்சுன்னா சொல்லுங்க.”

வாடிக்கையாளர் எதைச் சொன்னாலும் செய்து கொடுத்துவிடலாம், பணம் கொடுக்கிறவர் அவர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தனியாக ஒரு படம், அவர் மட்டும் வைத்துக்கொள்வது என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். குடும்பப் படத்தில் ஒருவர் கன்னத்தை மட்டும் ஒடுக்கினால், பக்கத்தில் நிற்கும் தம்பியின் கன்னத்துக்கும் இவர் கன்னத்துக்கும் இருக்கிற ஜாடை போய்விடும். இரண்டு பேருக்கும் அப்பாவின் கன்ன எலும்பு. அது தெரியத்தானே சேர்ந்து நிற்கிற படம்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். தோளும் கையும் அவருடையவை இல்லை. அத்தை மகள் இவரைவிடக் கொஞ்சம் உயரம் கம்மி, தோள் சரிவும் வேறு மாதிரி. தலையை வைத்தபிறகு கழுத்தை ஒரு விரலளவு கூட்ட வேண்டியிருந்தது. இதற்குமேல் அதில் செய்ய எனக்கு வழி இல்லை. ஆளையே திரும்ப அந்த இடத்தில் நிற்க வைத்தால்தான் உண்டு.

மூன்றாம் நாள் “போடுங்கண்ணா, அப்படியே இருக்கட்டும்” என்று வந்தது. 12க்கு 18 அங்குலத்தில் பிரின்ட் போட்டுத் தேக்கு பிரேமில் மாட்டிக் கொடுத்தேன். வாங்க வந்த தம்பியோடு அந்த அத்தை மகளும் வந்திருந்தார். பிரேமைக் கவுன்டர் மேல் வைத்ததும் குனிந்து பார்த்தார். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு நாற்காலி மேலிருந்த கையைத் தொட்டு, “அக்கா என் வளையலைப் போட்டிருக்கு” என்றார்.